கூற்று–காரணம்: ‘இரண்டும் சரி’ என்று தெரிந்த பிறகு என்ன செய்வது?

“சார், நான் கோத்தகிரியில் பிளஸ் ஒன் படிக்கிறேன். தனிமங்களின் ஆவர்த்தன வகைப்பாடு பாடத்தில் கூற்று–காரணம் கேள்வி வந்தால், கூற்று சரியா, காரணம் சரியா என்பது வரை கண்டுபிடித்துவிடுகிறேன். அது ‘சரியான விளக்கமா’, ‘விளக்கமல்லவா’ என்ற இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறேன். இப்போது விடைக்குக் கீழே ஏன் என்றும் எழுதச் சொல்கிறார்கள். எழுதினாலும் பாதி மார்க்தான் வருகிறது. எப்படி எழுதுவது?”

முதலில், இரண்டு வாக்கியங்களையும் ஒரே மூச்சில் படிப்பதை நிறுத்து, தம்பி. அப்படிப் படித்தால் மனம் தானாகவே நடுவில் ஓர் ‘ஏனென்றால்’ போட்டுக்கொள்ளும். போட்டவுடன் எந்த இரண்டு வாக்கியமும் பொருந்துவதுபோலவே தோன்றும். காரணத்தைக் கையால் மறைத்துக்கொண்டு கூற்றை மட்டும் படித்து, பக்கத்தில் சரி அல்லது தவறு என்று பென்சிலால் குறி. பிறகு கூற்றை மறைத்துவிட்டுக் காரணத்தைத் தனி வாக்கியமாகப் படித்துக் குறி. இரண்டுக்கும் ‘சரி’ விழுந்தால் மட்டும்தான் நீ மாட்டிக்கொள்ளும் அந்த மூன்றாவது வேலை வருகிறது. காரணம் கூற்றுக்குச் சரியான விளக்கம் என்றால் விடை (அ), விளக்கமல்ல என்றால் (ஆ). கூற்று சரி, காரணம் தவறு என்றால் (இ).

அந்த இடத்தில் இரண்டு கேள்வி கேள். காரணத்தில் சொன்ன விஷயம், ஒப்பிடப்படும் இரண்டு தனிமங்களுக்கும் இடையே வேறுபடுகிறதா? வேறுபட்டால், அந்த வேறுபாடு கூற்று சொல்லும் பக்கமாகத் தள்ளுகிறதா, எதிர்ப்பக்கமாகத் தள்ளுகிறதா?

உன் ஊர்ப் பக்கத்தையே எடுத்துக்கொள். ‘ஊட்டி மேட்டுப்பாளையத்தைவிடக் குளிர்ந்த ஊர்’ என்பது கூற்று. ‘ஊட்டியைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன’ என்பது காரணம். இரண்டும் உண்மை. இரண்டு ஊருக்கும் அது வேறுபடவும் செய்கிறது. ஆனால் தேயிலைச் செடியால் ஊர் இவ்வளவு குளிராது. குளிருக்குக் காரணம் ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பது. மேட்டுப்பாளையம் முந்நூற்றுச் சொச்ச மீட்டரில் கிடக்கிறது. அதனால் தேயிலைக்கு விடை (ஆ), உயரத்துக்கு விடை (அ). வேதியியலிலும் இதே வேலைதான். ஆனால் அங்கே எது தேயிலை, எது உயரம் என்று பார்த்தவுடன் தெரியாது. எலக்ட்ரான் அமைப்பை எழுதினால்தான் தெரியும்.

இந்தப் பாடத்தில் அதிகம் கேட்கப்படும் ஒரு கூற்றை எடுத்து, காரணத்தை மட்டும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்போம். கூற்று இது: ‘நைட்ரஜனின் முதல் அயனியாக்கும் ஆற்றல் ஆக்சிஜனுடையதைவிட அதிகம்.’ நைட்ரஜனுக்கு மோலுக்கு 1402 கிலோஜூல், ஆக்சிஜனுக்கு 1314. ஆக, கூற்று சரி. ஒரு வரிசையில் இடமிருந்து வலமாகப் போனால் இந்த மதிப்பு பொதுவாகக் கூட வேண்டும், இங்கே குறைகிறது. அந்தக் குறைவை விளக்குவதுதான் காரணத்தின் வேலை. எழுத ஆரம்பிக்கும் முன் ஓரத்தில் இதைப் போட்டுக்கொள்:

N : 1s² 2s² 2p³
O : 1s² 2s² 2p⁴

முதல் காரணம்: ‘நைட்ரஜனில் 2p ஆர்பிட்டால்கள் சரிபாதி நிரம்பியுள்ளன, ஆக்சிஜனில் அப்படி இல்லை.’ வாக்கியம் உண்மை. இரண்டு அணுக்களுக்கும் இடையே வேறுபடுகிறது. எந்தப் பக்கம் தள்ளுகிறது? ஆக்சிஜனில் நான்காவது 2p எலக்ட்ரான், ஏற்கெனவே ஓர் எலக்ட்ரான் இருக்கும் ஆர்பிட்டாலுக்குள் போய் இணை சேர வேண்டியிருக்கிறது. ஒரே ஆர்பிட்டாலில் உள்ள இரண்டும் ஒன்றையொன்று விலக்குவதால், அவற்றில் ஒன்றை வெளியேற்றுவது எளிது. நைட்ரஜனில் மூன்றும் தனித்தனி ஆர்பிட்டாலில், ஒரே திசைச் சுழற்சியோடு இருக்கின்றன. பரிமாற்ற ஆற்றலைக் கணக்கிட்டால் இன்னும் தெளிவாகும். நைட்ரஜனில் ஒரே சுழற்சியுள்ள மூன்று எலக்ட்ரான்களால் மூன்று பரிமாற்றங்கள் கிடைக்கும். ஒன்றை எடுத்துவிட்டால் ஒரே ஒரு பரிமாற்றம் மிஞ்சும். ஆக்சிஜனிலோ இணை சேர்ந்த அந்த நான்காவதை எடுத்தாலும் மூன்று பரிமாற்றங்களும் அப்படியே இருக்கும், இழப்பு இல்லை. காரணம் கூற்றின் பக்கமே தள்ளுகிறது. விடை (அ).

இரண்டாவது காரணம்: ‘ஆக்சிஜனின் அணுக்கரு மின்சுமை நைட்ரஜனுடையதைவிட அதிகம்.’ எட்டும் ஏழும், சந்தேகமில்லாமல் சரி. வேறுபாடும் இருக்கிறது. ஆனால் அணுக்கரு மின்சுமை அதிகமானால் எலக்ட்ரானை இழுத்துப் பிடிக்கும் விசை கூடும். இது மட்டும் வேலை செய்திருந்தால் ஆக்சிஜனின் மதிப்புதான் அதிகமாக இருந்திருக்கும். கூற்றுக்கு நேர் எதிராகத் தள்ளுகிற காரணம் அதற்கு விளக்கமாக முடியாது. விடை (ஆ). ‘அணுக்கரு மின்சுமை’ என்ற சொல்லைப் பார்த்தவுடனேயே (அ) போட்டுவிடுகிறவர்கள் விழுவது இங்கேதான்.

மூன்றாவது: ‘நைட்ரஜன் அணு ஆக்சிஜன் அணுவைவிடச் சிறியது.’ கேட்க நன்றாக இருக்கிறது. சிறிய அணுவிலிருந்து எலக்ட்ரானை எடுப்பது கடினம் என்ற தர்க்கமும் சரி. ஆனால் வாக்கியமே தவறு. சகப்பிணைப்பு ஆரம் நைட்ரஜனுக்கு 74 பிகோமீட்டர், ஆக்சிஜனுக்கு 66. விடை (இ). காரணத்தைத் தனியாகப் படி என்று சொன்னது இதற்காகத்தான். சேர்த்துப் படித்தால் தர்க்கம் ஓடும் வேகத்தில் உண்மையைச் சரிபார்க்க மறந்துபோகும்.

நான்காவது காரணத்தில் சூட்சுமம் வேறு: ‘நைட்ரஜன் மூலக்கூறில் அணுக்களுக்கு இடையே வலுவான முப்பிணைப்பு உள்ளது.’ உண்மை. ஆக்சிஜனில் இருப்பது இரட்டைப் பிணைப்பு, எனவே வேறுபாடும் உண்டு. ‘வலுவானது’ என்பதால் நைட்ரஜனுக்கு அதிக ஆற்றல் என்று திசையும் பொருந்துவதுபோலத் தெரியும். என் இரண்டு கேள்விகளும் இங்கே உன்னைக் காப்பாற்றாது. வரையறைக்குத் திரும்ப வேண்டும். அயனியாக்கும் ஆற்றல் என்பது வாயு நிலையில் உள்ள தனித்த ஓர் அணுவிலிருந்து, இலகுவாகப் பிணைக்கப்பட்டுள்ள எலக்ட்ரானை நீக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல். தனித்த அணு என்றால் அங்கே பிணைப்பே கிடையாது. மூலக்கூறைப் பற்றிய உண்மை எதுவும் இந்தக் கணக்குக்குள் வராது. விடை (ஆ). நியாயத்தில் ‘அயனியாக்கும் ஆற்றல் தனித்த வாயு அணுவுக்கானது, பிணைப்பு வலிமை அதைத் தீர்மானிப்பதில்லை’ என்று எழுதினால் போதும்.

இப்போது கூற்றைக் கொஞ்சம் மாற்றுகிறேன்: ‘ஆக்சிஜனின் இரண்டாம் அயனியாக்கும் ஆற்றல் நைட்ரஜனுடையதைவிட அதிகம். காரணம்: O⁺ அயனியில் 2p சரிபாதி நிரம்பியுள்ளது.’ ‘நைட்ரஜன்தான் பெரிது’ என்று மனப்பாடம் செய்தவர் கூற்றைத் தவறு என்று அடித்துவிடுவார். இரண்டாம் எலக்ட்ரானை எடுப்பது அணுவிலிருந்து அல்ல, அயனியிலிருந்து. ஆகவே எழுத வேண்டிய அமைப்பு N⁺ 2p², O⁺ 2p³. இம்முறை சரிபாதி ஆக்சிஜன் பக்கம் போய்விட்டது. அணுக்கரு மின்சுமையும் அதே பக்கம் தள்ளுகிறது. மதிப்புகள் 3388, 2856. விடை (அ). முதல், இரண்டாம் என்ற சொற்களின் கீழ் கோடு போடும் பழக்கத்தை வைத்துக்கொள்.

பெரிலியம்–போரான் கேள்வி இதன் தம்பி. ‘போரானின் முதல் அயனியாக்கும் ஆற்றல் பெரிலியத்தைவிடக் குறைவு’, 801, 900. ‘2s எலக்ட்ரான் 2p எலக்ட்ரானைவிட அணுக்கருவை நோக்கி அதிகம் ஊடுருவும்’ என்று காரணம் வந்தால் (அ). பெரிலியத்தில் முழுமையாக நிரம்பிய 2s இருப்பதைக் காரணமாகச் சொன்னாலும் பள்ளி விடைக்குறிப்புகளில் (அ)தான் இருக்கும். ஆனால் நியாயம் எழுதும்போது ‘நிரம்பியது நிலையானது’ என்று நிறுத்தாமல், போரானில் நீங்குவது 2p எலக்ட்ரான், அதை 2s எலக்ட்ரான்களும் ஓரளவு திரைமறைக்கின்றன என்பதையும் சேர். மெக்னீசியம்–அலுமினியம் கேள்விக்கும் இதே விடை, 2 என்ற எண்ணை 3 ஆக்கினால் போதும்.

நன்றாகப் படிக்கும் பிள்ளைகளையே தடுக்கி விழவைப்பது ஃபுளூரின்–குளோரின் கேள்வி. கூற்று: ‘ஃபுளூரினின் எலக்ட்ரான் நாட்டம் குளோரினுடையதைவிடக் குறைவு.’ எலக்ட்ரானை ஏற்கும்போது ஃபுளூரின் மோலுக்கு 328 கிலோஜூல் வெளிவிடுகிறது, குளோரின் 349. கூற்று சரி. சில புத்தகங்கள் வெளிவிடும் ஆற்றலுக்கு எதிர்க்குறி போட்டு −328, −349 என்று தரும். அப்போது எண் கணிதப்படி −349 சிறியது என்று போய்விடாதே. வெளிவரும் ஆற்றலின் அளவைத்தான் ஒப்பிட வேண்டும்.

‘ஃபுளூரின் அணு மிகச் சிறியது, அதன் 2p கூட்டில் எலக்ட்ரான் அடர்த்தி அதிகம், புதிய எலக்ட்ரான் அதிக விலக்கத்தைச் சந்திக்கிறது’ என்றால் (அ). ‘ஃபுளூரினே மிக அதிக எலக்ட்ரான் கவர்தன்மை கொண்ட தனிமம்’ என்றால் உண்மைதான், ஆனால் (ஆ). கவர்தன்மை என்பது பிணைப்பில் உள்ள எலக்ட்ரான் இணையைத் தன் பக்கம் இழுக்கும் போக்கு. நாட்டம் என்பது தனித்த அணு ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவரும் ஆற்றல். போதாக்குறைக்கு, திசையும் எதிர்.

இன்னொரு காரணத்தைப் பார்: ‘ஃபுளூரின் மூலக்கூறின் பிணைப்பு, குளோரின் மூலக்கூறின் பிணைப்பைவிட வலுக்குறைந்தது.’ உண்மை, சுமார் 158 கிலோஜூலுக்கு எதிராக 242. இதை (அ) என்று போடத் தோன்றும், தோன்றுவதில் நியாயமும் இருக்கிறது. ஏனென்றால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: சிறிய அணு, நெருக்கமாக அடைந்து கிடக்கும் எலக்ட்ரான்கள். அந்த நெருக்கம் வெளியிலிருந்து வரும் எலக்ட்ரானையும் விலக்குகிறது. பிணைந்த இரண்டு ஃபுளூரின் அணுக்களின் தனித்த இணைகளையும் ஒன்றையொன்று விலக்கவைக்கிறது. ஆக எலக்ட்ரான் நாட்டம் குறைந்ததும் பிணைப்பு வலுக்குறைந்ததும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள். ஒரு விளைவு மற்றொரு விளைவுக்குக் காரணம் ஆகாது. விடை (ஆ). இந்த வகைக் கேள்விக்கு நியாயம் எழுதும்போது பொது வேரைச் சொல்லிவிட்டால், திருத்துகிறவருக்கு நீ புரிந்துகொண்டு எழுதியிருக்கிறாய் என்று தெரிந்துவிடும்.

ஒத்த எலக்ட்ரான் எண்ணிக்கை கொண்ட அயனிகளிலும் ஒரு பொறி உண்டு. ‘Mg²⁺ அயனி Na⁺ அயனியைவிடச் சிறியது. காரணம்: இரண்டிலும் பத்து எலக்ட்ரான்கள் உள்ளன.’ ஆரங்கள் சுமார் 72, 102 பிகோமீட்டர். கூற்று சரி, காரணமும் சரி. முதல் கேள்வியைக் கேட்டுப் பார்: காரணம் இரண்டுக்கும் இடையே வேறுபடுகிறதா? இல்லை, இரண்டும் சமம் என்றுதான் அது சொல்கிறது. சமமாக இருக்கும் ஒன்று, சமமில்லாத ஆரத்தை எப்படி விளக்கும்? விளக்குவது பன்னிரண்டு புரோட்டானும் பதினொரு புரோட்டானும். ஆகவே (ஆ). ‘எலக்ட்ரான் எண்ணிக்கை சமம், ஆனால் மெக்னீசியத்தின் அணுக்கரு மின்சுமை அதிகம்’ என்று காரணம் முழுமையாக வந்தால் மட்டுமே (அ). அலுமினியம் அயனி இன்னும் சிறியது, சுமார் 54. நீலகிரியின் புளிப்பு மண்ணில் கரைந்து வரும் இந்த Al³⁺தான் நம் வீட்டு வாசல் ஹைட்ரேஞ்சியா பூவை நீலமாக்குகிறது. அந்தச் சிறிய அளவும் அதிக மின்சுமையும் சேர்ந்துதான் அது பூவின் நிறமியோடு இறுகப் பிணைகிறது. தேர்வுக்கு இது வேண்டாம், சும்மா சொன்னேன்.

இனி எழுதும் முறை. நியாயம் நான்கு வரியைத் தாண்ட வேண்டியதில்லை. நைட்ரஜன்–ஆக்சிஜன் கேள்வியில் அணுக்கரு மின்சுமை காரணமாக வந்தபோது, முழு மார்க் வாங்கும் விடை இப்படி இருக்கும்:

“விடை (ஆ). கூற்று சரி: N 1402, O 1314 கி.ஜூ/மோல். காரணம் சரி: O-வின் அணுக்கரு மின்சுமை 8, N-இன் 7. ஆனால் அதிக அணுக்கரு மின்சுமை O-வின் அயனியாக்கும் ஆற்றலை உயர்த்தவே செய்யும். எனவே இது கூற்றை விளக்காது. சரியான விளக்கம்: N 2p³ சரிபாதி நிரம்பியது; O 2p⁴-இல் இணை சேர்ந்த எலக்ட்ரான்களுக்கு இடையேயான விலக்கத்தால் ஒன்று எளிதில் நீங்குகிறது.”

எண்கள் நினைவில் இல்லையென்றால் விட்டுவிடு. எலக்ட்ரான் அமைப்பு போதும். தப்பான எண்ணை எழுதுவதைவிட எழுதாமல் இருப்பது மேல். ஆனால் கடைசி வரியை விடாதே. (ஆ) என்று விடை எழுதுகிறவர்கள் ‘விளக்கம் அல்ல’ என்று மட்டும் சொல்லிவிட்டு, சரியான விளக்கம் எது என்பதை எழுதாமல் விடுவதால்தான் உனக்கு நேர்ந்ததுபோலப் பாதி மார்க் போகிறது. (இ) வந்தால் தவறான காரணத்தைத் திருத்தி எழுது: ‘நைட்ரஜன் சிறியது அல்ல, ஆக்சிஜன்தான் சிறியது.’

மார்க் போகும் வேறு சில இடங்களும் உண்டு. ஒரு தனிமத்தைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவது ஒன்று. ‘நைட்ரஜன் சரிபாதி நிரம்பியது, அதனால் நிலையானது’ என்றால் ஆக்சிஜன் எங்கே போயிற்று? ஒப்பீட்டுக் கூற்றுக்கு இரண்டு பேரும் விடையில் வர வேண்டும். போக்கையே காரணமாக எழுதுவது இன்னொன்று. ‘வரிசையில் வலமாகப் போனால் அணு ஆரம் குறையும், அதனால் ஃபுளூரின் சிறியது’ என்பது நடப்பதைத் திரும்பச் சொல்வது. ஏன் குறைகிறது என்பதற்கு, எலக்ட்ரான்கள் அதே கூட்டில் சேர்வதால் திரைமறைப்பு அதிகம் கூடாமல் செயலுறு அணுக்கரு மின்சுமை கூடுகிறது என்று ஒரு வரி வேண்டும்.

மூன்றாவது, அணுவுக்கு ஆசை கற்பிப்பது. ‘சோடியம் மந்த வாயு அமைப்பை அடைய விரும்புவதால் எலக்ட்ரானைத் தானே தருகிறது’ என்று எழுதாதே. சோடியத்திலிருந்து அந்த ஒரு எலக்ட்ரானை எடுக்கக்கூட மோலுக்கு 496 கிலோஜூல் நாம் கொடுக்க வேண்டியிருக்கிறது. வெளிக்கூட்டில் இருக்கும் 3s எலக்ட்ரான் அணுக்கருவிலிருந்து தொலைவில் இருப்பதும், உள்ளே உள்ள பத்து எலக்ட்ரான்கள் அதைத் திரைமறைப்பதும்தான் அந்த மதிப்பு குறைவாக இருப்பதற்குக் காரணம். அடுத்த எலக்ட்ரானை உள்கூட்டிலிருந்து எடுக்கப் போனால் 4562 என்று எகிறுவதைக் கேட்டாலும் இதே வாதத்தைத்தான் திருப்பிப் போட வேண்டும்.

‘எப்போதும்’, ‘சீராக’, ‘அனைத்து’ போன்ற சொற்களைக் காரணத்தில் கண்டால் நிதானி. ‘ஒரு வரிசையில் அயனியாக்கும் ஆற்றல் பொதுவாக அதிகரிக்கிறது’ என்பது சரி. ‘விலக்கின்றி அதிகரிக்கிறது’ என்பதைத் தவறாக்க நீ மேலே பார்த்த போரானும் ஆக்சிஜனுமே போதும்.

விடை போடும் முன் கடைசித் தெரிவான (ஈ)-யை ஒருமுறை வாசித்துவிடு. தமிழ்நாடு பிளஸ் ஒன் பாடநூலில் அது ‘கூற்று, காரணம் இரண்டும் தவறு’ என்று இருக்கும். மத்தியக் கல்வி வாரியத் தாள்களில் அதே இடத்தில் ‘கூற்று தவறு, காரணம் சரி’ என்று வரும். இரண்டு வகைத் தாள்களையும் கலந்து பயிற்சி செய்கிறவர்கள் பழக்கத்தில் எழுத்தை மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். கூற்று தவறு, காரணம் சரி என்று நீ கண்டுபிடித்து, அப்படியொரு தெரிவே தாளில் இல்லையென்றால், பென்சில் குறிகளில் ஒன்று தப்பு. கூற்றில் முதல், இரண்டாம், அதிகம், குறைவு ஆகிய சொற்களை மறுபடி படித்துப் பார்.